பணம் போய்விட்டது, ஆனால் வரவில்லை: பரிவர்த்தனை எண்ணைக் கொண்டு தேடும்போது நேரும் தவறுகள்

ஜனவரி 13, செவ்வாய்க்கிழமை, மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் உள்ள வங்கிக் கிளையிலிருந்து எங்கள் கோவில் நிர்வாகக் குழு 2,400 அமெரிக்க டாலரைச் சுவாமிமலை ஸ்தபதி ஒருவருக்கு அனுப்பியது. ஐம்பொன் உற்சவர் சிலை ஒன்றுக்கான முன்பணம் அது. பொங்கல் விடுமுறை முடிந்து 19ஆம் தேதி திங்கட்கிழமை ஸ்தபதி தொலைபேசியில் அழைத்து, “ஐயா, கணக்கில் இன்னும் ஒன்றும் ஏறவில்லைங்க” என்றார். எங்கள் பொருளாளர் உடனே வங்கி கொடுத்த ரசீதைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். ஸ்தபதி அதைக் கும்பகோணத்தில் தமது வங்கிக் கிளையில் காட்டினார். கவுன்டரில் இருந்தவர் அந்த எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பணம் வரவே இல்லை என்று சொல்லிவிட்டார். இங்கே பணம் போய்விட்டது என்று எங்கள் வங்கி சொல்கிறது, அங்கே வரவில்லை என்று அவர்கள் வங்கி சொல்கிறது. இரு தரப்பும் உண்மையைத்தான் சொன்னார்கள். தேடுவதற்கு நாங்கள் கொடுத்த எண்தான் தவறானது.

ரசீதின் தலைப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் அனுப்பும் வங்கி தன் சொந்தக் கணக்குப் புத்தகத்துக்காக இட்டுக்கொள்ளும் எண். நம் கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டதற்கு அது சான்று. பணத்தோடு சேர்ந்து கடல் கடந்து போக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பெறும் வங்கி அடையாளம் காணக்கூடியவை வேறு இரண்டு எண்கள். ஒன்று, வங்கிகளுக்கிடையே ஸ்விஃப்ட் என்ற செய்தி வலையமைப்பு வழியாகப் போகும் செய்தியில் இருக்கும் அனுப்புநர் குறிப்பெண்; அது 16 எழுத்துகளுக்கு மேற்படாது. மற்றொன்று UETR என்ற தலைப்பில் வரும் எண். வழியில் எத்தனை வங்கிகள் கைமாற்றினாலும், ஸ்விஃப்ட் செய்தியாகப் பயணம் செய்யும் வரை அது மாறுவதில்லை. 2018 நவம்பரிலிருந்து இத்தகைய ஒவ்வொரு பணச் செய்தியும் அதைத் தாங்கியே ஆக வேண்டும். அதன் வடிவம் இப்படி இருக்கும்:

```
3f7c91e2-5b0d-4a68-9c1e-d47b02a6f815
```

இடைக்கோடுகளையும் சேர்த்து 36 இடங்கள். இதில் வரக்கூடியவை 0 முதல் 9 வரையான இலக்கங்களும் a முதல் f வரையான எழுத்துகளும் மட்டுமே. ஆகவே வட்டமாகத் தெரிவது எப்போதும் சுழியம்தான், o என்ற எழுத்து ஆகாது. நெட்டுக்கோடாகத் தெரிவது ஒன்று என்ற இலக்கம்தான், l என்ற எழுத்து ஆகாது. மூன்றாம் தொகுதி 4 என்ற இலக்கத்தில் தொடங்க வேண்டும். இவற்றைச் சரிபார்த்துவிட்டு அனுப்பினால், படத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டும்போது நேரும் பிழைகளில் பல அங்கேயே பிடிபடும். எழுத்தாகவே நகலெடுத்து அனுப்புவது அதைவிட நல்லது.

இந்த எண்ணைப் பெற, நம் வங்கி அனுப்பிய பணச் செய்தியின் நகலை, அதாவது MT103 நகலைக் கேட்க வேண்டும். 2025 நவம்பருக்குப் பிறகு நாடு கடந்த பணச் செய்திகளில் வங்கிகள் pacs.008 என்ற புதிய வடிவத்துக்கு மாறிவிட்டன என்றாலும், கவுன்டரில் பழைய பெயரைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். UETR இரண்டிலும் உண்டு. “ரசீது” என்று மட்டும் கேட்டால் மறுபடியும் அதே ரசீதைத்தான் அச்சிட்டுக் கொடுப்பார்கள்.

பெயர் ஒற்றுமையால் நேரும் குழப்பம் ஒன்றும் உண்டு. இந்தியாவில் யாரிடம் பணத்தைப் பற்றிப் பேசினாலும் முதலில் UTR எண் கேட்பார்கள். அது இந்தியாவுக்குள் நடக்கும் பணமாற்றத்துக்கு உரியது. நெஃப்ட் முறையில் 16 இடங்களும் ஆர்.டி.ஜி.எஸ். முறையில் 22 இடங்களும் கொண்டது. மொரீஷியஸிலிருந்து பணம் புறப்படும்போது அப்படி ஓர் எண் பிறந்திருக்கவே முடியாது. கிளையில் UTR கேட்கிறார்கள் என்பதற்காக, நம்மிடம் உள்ள ஏதோ ஓர் எண்ணை அந்தப் பெயரில் கொடுத்தால், அவர்கள் உள்நாட்டுப் பட்டியலில் தேடிவிட்டு இல்லை என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஸ்விஃப்ட் பணம் இது, இதுதான் UETR என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சரியான எண்ணை வைத்துக்கொண்டு தவறான இடத்தில் கேட்பது அடுத்த தவறு. வெளிநாட்டுப் பணத்தைக் கையாள்வது பெரும்பாலும் அந்த வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவு. அது கிளையில் இராது, பெருநகரம் ஒன்றில் மையமாக இயங்கும். பணம் அந்தப் பிரிவின் கைக்கு வந்து, வாடிக்கையாளர் கணக்கில் ஏறுவதற்கு முன் காத்திருக்கும் நாட்களில், கிளைக் கணினியில் கணக்கைத் திறந்தால் ஒன்றும் தெரியாது. கிளை மேலாளரிடம், இந்த UETR எண்ணை அந்தப் பிரிவுக்கு எழுதிக் கேட்கும்படி வேண்ட வேண்டும். அதை வேண்ட வேண்டியவரும் பெறுபவர்தான். நாம் இங்கிருந்து நேரடியாக அழைத்தால், நாம் அவர்களுடைய வாடிக்கையாளர் அல்லர் என்பதால் பதில் சொல்ல மறுப்பார்கள், அது முறையும்கூட. நம் பக்கத்தில் நம் வங்கியும், அவர் பக்கத்தில் அவர் வங்கியும், ஒரே எண்ணைக் கொண்டு ஒரே நேரத்தில் விசாரிக்க வேண்டும்.

தொகையைச் சொல்லித் தேடுவது எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம், ஏனெனில் அது இயல்பாகத் தோன்றுகிறது, ஆனால் பெரும்பாலும் பலிப்பதில்லை. நம் நோட்டிலும் தமிழில் ரூபாய் என்றுதான் எழுதியிருக்கிறது, அவர்களுக்கும் ரூபாய்தான். ஆனால் நம் கணக்கில் கழிந்த மொரீஷியஸ் ரூபாய்த் தொகை அங்கே எந்தப் பட்டியலிலும் இராது. டாலராகச் சொன்னாலும் பொருந்தும் என்பதில்லை. கட்டணத்தை இரு தரப்பும் பகிர்வது என்ற SHA முறையில் அனுப்பினால், நடுவில் இருக்கும் வங்கி தன் கட்டணத்தை அனுப்பிய தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். எங்கள் 2,400 டாலரில் நியூயார்க்கில் இருந்த இடைவங்கி 15 டாலர் எடுத்துக்கொண்டது. ஸ்தபதியின் வங்கியின் சென்னைப் பிரிவை அடைந்தது 2,385. “2,400 வந்ததா?” என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான பதில்.

இனி நிலையைப் படிப்பது பற்றி. நம் வங்கியின் செயலி பச்சை நிறத்தில் “முடிந்தது” என்று காட்டுவது, நம் வங்கி தன் வேலையை முடித்துவிட்டது என்பதையே குறிக்கும். பணம் எங்கே இருக்கிறது என்பதை வங்கி அலுவலர் UETR எண்ணை இட்டு ஸ்விஃப்ட் கண்காணிப்புத் திரையில் பார்க்க முடியும். அங்கே ACCC என்று வந்தால் பெறுபவர் கணக்கில் ஏற்றியாயிற்று என்று பெறும் வங்கியே அறிவித்துவிட்டது. RJCT என்றால் மறுக்கப்பட்டது. ACSP என்றால் இன்னும் வழியில் இருக்கிறது. அப்போது அதனுடன் வரும் காரணக் குறியீட்டைக் கேட்காமல் திரும்பிவிடக் கூடாது. G000 என்றால் அடுத்த வங்கிக்கு அனுப்பியாயிற்று. G003 என்றால் பெறுபவரிடமிருந்து ஆவணங்களை எதிர்பார்த்து நிற்கிறது.

எங்கள் பணத்துக்கு வந்தது ACSP, G003. 20ஆம் தேதி MT103 நகலைப் பெற்றபோது அலுவலர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பணம் 14ஆம் தேதியே நியூயார்க்கைக் கடந்து, ஸ்தபதியின் வங்கியின் சென்னைப் பிரிவில் நின்றிருந்தது. கணக்கு அவருடைய பட்டறையின் பெயரில் இருக்க, நாங்கள் பெறுபவர் பெயராக அவருடைய சொந்தப் பெயரை எழுதியிருந்தோம். அதற்கு மேல், ஏற்றுமதிக்கான முன்பணம் என்பதால் எந்த நோக்கத்துக்கான பணம் என்ற குறியீட்டை அவர் அறிவிக்க வேண்டும். இரண்டையும் கேட்டு வங்கி அனுப்பிய மின்னஞ்சல், அவர் எப்போதோ கைவிட்டிருந்த பழைய முகவரிக்குப் போயிருந்தது. UETR எண்ணோடு அவர் மறுநாள் கிளைக்குப் போய், விலைப்பட்டியலையும் நோக்க அறிவிப்பையும் கொடுத்தார். நாங்கள் எங்கள் வங்கி வழியாகப் பெயரைத் திருத்திச் செய்தி அனுப்பினோம். 22ஆம் தேதி வியாழக்கிழமை பணம் ஏறியது.

ACCC என்று வந்த பிறகும் பெறுபவர் இல்லை என்று சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன் இன்னொரு சாத்தியத்தையும் பார்க்க வேண்டும். சிறிய வங்கிகளும் கூட்டுறவு வங்கிகளும் நேரடியாக ஸ்விஃப்ட் பணம் பெறாமல், பெரிய இந்திய வங்கி ஒன்றின் வழியாகப் பெறுவதுண்டு. அந்தப் பெரிய வங்கி ரூபாயாக மாற்றி நெஃப்ட் மூலம் அனுப்பும்போதுதான் UTR எண் பிறக்கிறது; UETR அங்கே நின்றுவிடுகிறது. பெறுபவரின் பாஸ்புக்கில் நம் பெயருக்குப் பதிலாக அந்தப் பெரிய வங்கியின் பெயரோ சுருக்கெழுத்துகளோ அச்சாகியிருக்கலாம்; தொகையும் ரூபாயில், கட்டணமும் வரியும் கழிந்து, யாரும் எதிர்பாராத எண்ணாக இருக்கும். பணம் ஏறியிருந்தும் அடையாளம் தெரியாமல் போவது இப்படித்தான். அந்த நெஃப்ட்டின் UTR எண்ணையும் தேதியையும் நம் வங்கி வழியாகக் கேட்டு வாங்கி, பாஸ்புக்கில் அந்த வரியைத் தேடச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு நாள் பொறுப்பது என்பதற்கு ஓர் அளவு சொல்லலாம். பணத்தைக் கணக்கில் ஏற்றியதா, நிறுத்தி வைத்திருக்கிறதா, மறுத்ததா என்பதைப் பெறும் வங்கி இரண்டு வேலை நாட்களுக்குள் ஸ்விஃப்ட்டுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2020 நவம்பரிலிருந்து விதி. வேலை நாள் என்பது மூன்று இடங்களையும் பொறுத்தது: தமிழ்நாட்டில் பொங்கல், இங்கே தைப்பூசம், டாலர் கடக்கும் நியூயார்க்கில் அவர்களுடைய விடுமுறை. இந்தியாவில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளிலும் வங்கி இல்லை.

19ஆம் தேதி மாலை, பணம் தொலைந்துவிட்டது என்று எண்ணி, இன்னொரு 2,400 டாலரை உடனே அனுப்பிவிடலாம் என்று குழுவில் பேச்சு எழுந்தது. ஸ்தபதிக்கு உலோகம் வாங்க வேண்டிய அவசரம் எங்களுக்கும் புரிந்தது. ஆனால் பெயர்ப் பிழையைத் திருத்தாமல் அனுப்பியிருந்தால் இரண்டாவது பணமும் அதே இடத்தில் நின்றிருக்கும், பிறகு இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கும். ஏறிய பணத்தை நம் வங்கி தானாகத் திரும்ப எடுக்க முடியாது. ரத்து வேண்டுகோளை அது அனுப்பலாம். அதற்கும் கட்டணம் உண்டு, பெறும் வங்கி தன் வாடிக்கையாளரின் சம்மதத்தைக் கேட்ட பிறகே பணத்தைத் திருப்பும். திரும்பி வரும் பணமும் வந்த வழியே கட்டணம் கொடுத்துக்கொண்டும், டாலர் ரூபாயாகி ரூபாய் மீண்டும் டாலராகும் மாற்று விகிதத்தில் தேய்ந்தும்தான் வரும். பொருளாளர் அன்றே கையெழுத்திட்டு வைத்திருந்த இரண்டாவது விண்ணப்பப் படிவம் இன்னும் கோவில் அலுவலகக் கோப்பில் இருக்கிறது.