மிளகு லேபில் ஈதர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடி, கம்பம், குமுளி பக்கம் மிளகும் ஏலக்காயும் சோதிக்கிற சின்ன லேபில் வேலை பார்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஈதர், ஹெக்ஸேன், அசிட்டோன், டொலுவீன் எல்லாம் நம் அலமாரியில் இருக்கும், ஆனால் பாட்டிலில் எழுதியிருக்கும் ஃப்ளாஷ் பாயின்ட்டை நம் அறையின் வெப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

ஃப்ளாஷ் பாயின்ட் என்றால் அந்தச் சூட்டில் திரவம் தானாக எரியும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழும்ப, திரவத்துக்குத் தேவையான குறைந்தபட்ச வெப்பநிலைதான் அது. ஈதருக்கு அது மைனஸ் 45, அசிட்டோனுக்கு மைனஸ் 20, டொலுவீனுக்கு 4 டிகிரி. லேபிளில் போடும் தீ அபாய வகைப்பாட்டில், ஃப்ளாஷ் பாயின்ட் 23 டிகிரிக்குக் கீழே இருந்தால் இரண்டாம் வகை, கொதிநிலையும் 35-ஐத் தாண்டாவிட்டால் முதல் வகை. ஈதர் 34.6-ல் கொதிப்பதால் அது முதல் வகை. சைலீன் 27 டிகிரி பக்கம் என்பதால் மூன்றாம் வகையில் வருகிறது, லேபிளைப் பார்த்துச் சற்று அசட்டையாக இருந்துவிடுகிறோம். ஆனால் சித்திரை மாதத்துக் கம்பத்தில் மதியம் அறையே 35 டிகிரி காட்டும்போது சைலீனும் அசிட்டோன் மாதிரியே பொறிக்காகக் காத்திருக்கும், ஈதரோ பாட்டிலுக்குள்ளேயே கொதிக்கத் தயாராக நிற்கும். மேலே குமுளிக்குப் போனால் குளிர் என்று நிம்மதிப்பட வேண்டாம், அந்த உயரத்தில் ஈதரின் கொதிநிலையும் சுமார் 3 டிகிரி குறைந்துவிடுகிறது.

மிளகில் ஆவியாகாத ஈதர் சாறு எடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸ்லெட்டில் ஓட்டி முடித்து, வாட்டர் பாத்தில் ஈதரை விரட்டிவிட்டு, பிளாஸ்கை 110 டிகிரி ஓவனில் வைத்து எடை நிலைக்கும் வரை உலர்த்துவோம். அவசரத்தில் நடக்கும் தவறு இந்த இடத்தில்தான். நான் வேலை பழகிய லேபில் ஒரு நாள் மாலை நான்கு பிளாஸ்க்கை ஓவனுக்குள் வைத்துக் கதவை மூடினேன், ஒவ்வொன்றின் அடியிலும் அரை ஸ்பூனுக்குக் குறைவாக ஈதர் பளபளத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தும் காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். சில நிமிடத்தில் டமார் என்று கதவு திறந்து பக்கச் சுவரில் அடித்தது. அந்த நேரம் முன்னால் யாரும் இல்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காற்றில் ஈதர் ஆவி 1.9 சதவீதம் இருந்தாலே பற்றும். 100 லிட்டர் ஓவன் என்றால் 1.9 லிட்டர் ஆவி, 110 டிகிரியில் அதற்கு 6 மில்லி ஈதர் போதும். பிளாஸ்க்குக்கு 2 மில்லி வீதம் என்னிடம் 8 இருந்தது. சாதாரண ஓவனின் சூடேற்றும் கம்பிச்சுருள், நாம் செட் செய்த வெப்பநிலையைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். ஈதர் 160–180 டிகிரியிலேயே பொறி இல்லாமல் பற்றக்கூடியது. இப்போதெல்லாம் வாட்டர் பாத்தில் விரட்டிய பிறகு ஃப்யூம் ஹூடில் பிளாஸ்கைச் சாய்த்து, மெல்லக் காற்று ஊதி, திரவம் ஓடுவது துளியும் தெரியாமல் போகும் வரை ஓவன் பக்கம் போவதில்லை. அதே கணக்கில் 200 லிட்டர் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வெறும் 17 மில்லி போதும், உள்ளே தெர்மோஸ்டாட்டும் விளக்கு சுவிட்சும் பொறி தரக் காத்திருக்கின்றன. மூடி சரியாக இறுகாத ஒரு பாட்டில் இரவு முழுவதும் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

அடுத்தது கரண்ட். ஈதர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கண்டென்சர் தண்ணீர் பம்ப் நின்றுவிடும், வாட்டர் பாத் மட்டும் சூடு குறையாமல் இருக்கும், ஆவி நேராக வெளியே வரும். அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், மேசையிலிருந்து வழிந்து தரையோடு படரும். சுவர் உச்சியில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் அதைப் பிடிக்காது. தரையில் இருக்கும் இன்வர்ட்டரின் ரிலே, கரண்ட் திரும்பும்போது சட்டெனப் போடும் பம்ப் சுவிட்ச், இவைதான் அதற்குப் பொறி கொடுப்பவை. ஆகவே கரண்ட் போனதும் முதலில் பிளாஸ்க்கை வாட்டர் பாத்திலிருந்து தூக்குங்கள், அப்புறம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், சுவிட்சுகளைத் தொடாதீர்கள். இன்வர்ட்டரை வேறு அறைக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

கையிருப்பு பற்றிச் சட்டமே ஒரு அளவு தருகிறது. 1934-ன் பெட்ரோலியம் சட்டப்படி, 23 டிகிரிக்குக் கீழே ஃப்ளாஷ் பாயின்ட் உள்ள ஹெக்ஸேன், டொலுவீன் போன்ற ஹைட்ரோகார்பன்களை உரிமம் இல்லாமல் மொத்தம் 30 லிட்டர்தான் வைத்திருக்கலாம், அதுவும் கண்ணாடிப் பாட்டில் என்றால் ஒன்றில் 1 லிட்டருக்கு மேல் கூடாது. நான் ஈதருக்கும் இதையே பின்பற்றுகிறேன். வாரம் 20 சாம்பிளுக்கு 100 மில்லி வீதம் 2 லிட்டர் தேவை, அதற்கு மேல் வாங்குவதில்லை. மேசையில் அரை லிட்டர் மட்டும், மற்றது வாசலிலிருந்து தள்ளி இரும்பு அலமாரியில். கழிவு டப்பாவில் உள்ள ஈதரையும் இந்த 2 லிட்டரிலேயே சேர்த்து எண்ணுகிறேன். காலி பாட்டிலையும் மூடி வைக்காமல் ஹூடுக்குள் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே வெளியே எடுக்கிறோம்.