மனச்சோர்வு அளவுகோலில் ஆண், பெண், மொழி ஒப்பீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி.இ.எஸ்-டி அளவுகோலில் 20 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 16 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இதைக் கேட்கிறார்கள். பெண்களின் சராசரி கூடுதலாக வந்தால் அது மனச்சோர்வின் வித்தியாசமா, கேள்வியின் வித்தியாசமா? அதைப் பிரித்துச் சொல்லத்தான் மெஷர்மென்ட் இன்வேரியன்ஸ் சோதனை.

அழுகை பற்றிய கேள்வியைப் பாருங்கள். நியூ ஹேவன் முதியவர்களின் தரவைக் கொண்டு 2000-இல் வெளிவந்த ஆய்வில், ஒரே அளவு மனச்சோர்வு உள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொண்டால், இந்தக் கேள்விக்கு உயர்ந்த பதில் சொல்லும் வாய்ப்பு விகிதம் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. கிரான்பாக் ஆல்ஃபா இரு பாலருக்கும் 0.85-க்கு மேல் வந்தாலும் இந்தச் சாய்வு அதில் தெரியாது. கேள்விகள் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றனவா என்பதைத்தான் ஆல்ஃபா சொல்லும். ஆல்ஃபாவை மட்டும் காட்டிச் சராசரிகளை ஒப்பிடுவதுதான் அடிக்கடி கண்ணில் படும் தவறு.

அடுத்தது, பாலுக்கு ஒரு சோதனை, மொழிக்கு ஒரு சோதனை என்று தனித்தனியாகச் செய்வது. ஸ்பானிஷ் மாதிரியில் பெண்கள் அதிகமாக இருந்தால், மொழியால் வந்ததாகத் தெரிவது உண்மையில் பாலால் வந்ததாக இருக்கலாம். நான்கு குழுக்களாகப் பிரித்து ஒரே மாடலில் சோதிப்பது நல்லது.

மூன்றாவது தவறு, 0–3 பதில்களைத் தொடர் எண்களாக எடுத்துக்கொள்வது. பெரும்பாலானோர் 0-வில்தான் நிற்பார்கள். அதனால் வரிசைத் தரவுக்கான முறை வேண்டும். ஒரு பதிலிலிருந்து அடுத்த பதிலுக்குத் தாவும் எல்லைதான் த்ரெஷோல்டு; ஒரு கேள்வி மனச்சோர்வோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்பதுதான் லோடிங். முதலில் குழுக்களுக்கிடையே த்ரெஷோல்டுகளைச் சமமாக்கி, அப்புறம் லோடிங்குகளுக்குப் போக வேண்டும். ஆர் மொழியின் `semTools` தொகுப்பில் முதல் படி இப்படி:

```r
measEq.syntax(configural.model = m, data = d,
  ordered = items, parameterization = "delta",
  ID.fac = "std.lv", ID.cat = "Wu.Estabrook.2016",
  group = "sex_lang", group.equal = "thresholds",
  return.fit = TRUE)
```

இதற்கு முன் குழுவாரியாக அட்டவணை போட்டுப் பாருங்கள். ஒரு குழுவில் யாருமே 3 சொல்லவில்லை என்றால் அங்கே த்ரெஷோல்டு ஒன்று குறைந்துவிடும், ஒப்பீடு நிற்காது. 2-ஐயும் 3-ஐயும் எல்லாக் குழுக்களிலும் சேர்க்கலாம். ஆனால் மூன்றே பதில்கள் மிஞ்சும்போது த்ரெஷோல்டுகளை மட்டும் தனியாகச் சோதிக்க முடியாது. லோடிங்குகளோடு சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும்.

மாடல் தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சி.எஃப்.ஐ 0.01-க்குள் குறைந்தால் சரி என்ற விதியைக் கண்மூடிப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அது தொடர் தரவுக்காக உருவான விதி. 20 கேள்விகளில் ஒன்று கெட்டால் மொத்தப் பொருத்தம் அவ்வளவாக அசையாது. ஒவ்வொரு கேள்வியின் கட்டுப்பாட்டையும் தளர்த்திப் பார்க்க வேண்டும்.

அழுகைக் கேள்வியில் சாய்வு தெரிந்தால் உடனே அதை நீக்கிவிடவும் வேண்டாம். அதை மட்டும் குழுக்களுக்கிடையே சுதந்திரமாக விட்டு, மறைமுக மாறியான மனச்சோர்வின் குழுச் சராசரிகளை மறுபடி கணக்கிடுங்கள். சாய்வால் பெண்களுக்குச் சராசரியாக 0.3 மதிப்பெண் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60-இல் அது சிறிது, குழுச் சராசரி பெரிதாக மாறாது. ஆனால் 16-ஐ ஒட்டி நிற்பவர்களின் வகைப்பாடு மாறக்கூடும். சராசரியில் வரும் மாற்றம், 16-ஐத் தாண்டுவோர் சதவீதத்தில் வரும் மாற்றம் இரண்டையும் அறிக்கையில் கொடுத்தால்தான் சாய்வு எங்கே பாதிக்கிறது என்பது படிப்பவருக்குப் புரியும்.