ஆறு மாதக் குழந்தைக்கு முட்டையும் வேர்க்கடலையும்: முதல் முறை கொடுப்பது எப்படி?

கஞ்சி, காய், பழம் எல்லாம் தயங்காமல் ஆரம்பித்துவிடுகிறோம். முட்டை, வேர்க்கடலை என்றால் மட்டும் "ஒரு வயது ஆகட்டும்" என்று தள்ளிப்போடுகிறோம். முன்பு மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 2015-ல் வெளியான லீப் ஆய்வு அதை மாற்றியது. அலர்ஜி வர அதிக வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே வேர்க்கடலையை ஆரம்பித்து விடாமல் கொடுத்துவந்தபோது, அந்த அலர்ஜி வருவது ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அதனால் இப்போது மருத்துவர்கள் பொதுவாகக் காத்திருக்கச் சொல்வதில்லை. கொடுக்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும்.

1. குழந்தை தயாரா?

தலை ஆடாமல் நிற்க வேண்டும். லேசாகப் பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் சில நாள் விட்டு மறுபடி பாருங்கள்.

2. முதலில் எளிய உணவுகள்

நன்றாக வேகவைத்து மசித்த பருப்பு, காய், இறைச்சி என்று எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் குறைந்துவிடுகிறது, தாய்ப்பாலிலும் அது குறைவு. எனவே வெறும் அரிசிக் கஞ்சியோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு மூன்று கரண்டி போதும், பால் வழக்கம்போலத் தொடரட்டும். உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கும்.

3. முட்டை நாள்

குழந்தைக்குத் தோல் வறண்டு அரிக்கும் எக்ஸிமா கடுமையாக இருந்தாலோ, ஏற்கெனவே ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ, இதைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மற்றவர்கள் சளி, காய்ச்சல் இல்லாத ஒரு நாளில் காலையில் கொடுங்கள். அப்போதுதான் அடுத்த இரண்டு மணி நேரம் கண்ணெதிரே வைத்துப் பார்க்க முடியும்.

முட்டையைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, கருவும் வெள்ளையும் கெட்டியாகும்வரை வேகவையுங்கள். மஞ்சள் கருவை மட்டும் கொடுக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ஆனால் அலர்ஜியைக் கிளப்பும் புரதம் பெரும்பாலும் வெள்ளையில்தான் இருக்கிறது. கரு மட்டும் ஒத்துக்கொண்டது என்றால் முட்டையே ஒத்துக்கொண்டது என்று ஆகாது. இரண்டையும் சேர்த்து, தாய்ப்பாலோ வெந்நீரோ விட்டுக் கட்டியில்லாமல் மசியுங்கள்.

கரண்டி நுனியில் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். ஒன்றும் இல்லையென்றால் இன்னும் ஒன்றிரண்டு தேக்கரண்டி. அன்றைக்கு அது போதும். வேறு புது உணவு எதையும் அன்று சேர்க்காதீர்கள். ஏதாவது வந்தால் எதனால் என்று தெரியாமல் போய்விடும். கன்னத்தில் தடவிச் சோதிப்பதும் வேண்டாம், அதில் சரியான பதில் கிடைக்காது.

4. எதைப் பார்க்க வேண்டும்?

சட்டையைக் கழற்றி வயிறு, முதுகையும் பாருங்கள். தக்காளி, ஆரஞ்சு மாதிரி புளிப்புள்ளவை பட்டால் வாயைச் சுற்றி மட்டும் சிவந்து, கொஞ்ச நேரத்தில் மறையும். அது பெரும்பாலும் வெறும் எரிச்சல்தான். கொசு கடித்ததுபோல மேடான தடிப்புகள் உடம்பில் வேறு இடங்களிலும் கிளம்பினால், உதடோ கண்ணோ வீங்கினால், சாப்பிட்டதும் வாந்தி வந்தால் அலர்ஜி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உணவை நிறுத்தி, தடிப்பைப் படம் எடுத்து, எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை நிமிடத்தில் வந்தது என்று குறித்துக்கொண்டு மருத்துவரைக் கேளுங்கள். வீட்டில் மறுபடி கொடுத்துப் பார்க்காதீர்கள்.

மூச்சில் இழுப்பு, கரகரத்த அழுகை, நாக்கு வீக்கம், வெளிறித் துவண்டுபோவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். அது வரும்வரை குழந்தையைப் படுக்கவையுங்கள். தோளில் தூக்கி நிமிர்த்த வேண்டாம்.

இரண்டு மணி நேரம் என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. சில குழந்தைகளுக்குத் தடிப்பே இல்லாமல், ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் விடாத வாந்தி வந்து துவண்டுபோவார்கள். அதற்கும் மருத்துவமனைதான்.

5. ஒத்துக்கொண்ட பிறகு

இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை கொடுத்து நிறுத்தினால் அந்தப் பாதுகாப்பு வராது. வாரத்துக்கு இரண்டு முறையாவது தொடர வேண்டும்.

இரண்டு மூன்று நாள் கழித்து வேர்க்கடலை. முழுக் கடலை புரையேறி மூச்சை அடைக்கும். அரைத்த விழுதைக்கூட அப்படியே கொடுத்தால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தேக்கரண்டி வழுவழுப்பான விழுதில் இரண்டு மூன்று தேக்கரண்டி வெந்நீர் விட்டு, கரண்டியிலிருந்து ஒழுகும் பதத்துக்குக் கரைத்து, முட்டைக்குச் செய்ததுபோலவே நுனி அளவில் தொடங்குங்கள். அப்புறம் தயிர், கோதுமை, மீன், எள் எல்லாம் இதே முறையில் ஒவ்வொன்றாக.