சுருக்கம் இன்னும் நீள்கிறதா? முதலில் அடைமொழியில் கை வைக்காதீர்கள்

ஒரு பந்தியை மூன்றில் ஒன்றாகச் சுருக்கச் சொன்னால், எங்கள் ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். முதல் வரைவு நீண்டுவிட்டால் உடனே அடைமொழிகளை அடிக்கிறார்கள். "சேர், அழகிய, பெரிய எல்லாத்தையும் எடுத்திட்டேன், இன்னும் கூடுது" என்று கொப்பியை நீட்டுவார்கள். அடைமொழியை எடுப்பது சுலபம், வாக்கியம் உடையாது. ஆனால் அதில் மிச்சமாவது சில சொற்கள்தான். அப்படி எடுத்ததில் சில வேளை பந்தியின் உயிரும் போய்விடும்.

60 சொற்கள் கொண்ட ஒரு பந்தியில் இதைப் பார்ப்போம்:

"பத்தொன்பதாம் நூற்றாண்டில் பச்சைப்பசேலென்ற அழகிய கண்டி மலைகளில் ஆங்கிலேயர் கோப்பி பயிரிட்டனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த பருவகாலத் தொழிலாளர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தென்பட்ட கொடிய இலைத்துரு நோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. தோட்டக்காரர் வேறு பயிர்களை நாடினர். சிலர் சிங்கோனா நட்டனர், சிலர் கொக்கோ நட்டனர், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். இறுதியில் தேயிலையே நிலைத்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் தொழிலாளர் குடும்பத்தோடு நிரந்தரமாக நெருக்கமான லயன் அறைகளில் குடியேறினர்."

20 சொற்கள் வேண்டும். ஒரு மாணவியின் முதல் வரைவு 30 சொற்களில் நின்றது:

"கண்டி மலைகளில் கோப்பி பயிரிட்ட காலத்தில் பருவகாலத் தொழிலாளர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். இலைத்துரு நோயால் கோப்பி அழிய, சிங்கோனா, கொக்கோ, தேயிலை நடப்பட்டுத் தேயிலை நிலைத்தது. அதற்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால் தொழிலாளர் நிரந்தரமாகக் குடியேறினர்."

வெறும் அலங்காரமான 'அழகிய', 'கொடிய' இரண்டும் முதல் வரைவிலேயே போய்விட்டன. மீதி அடைமொழிகளையும் அடித்தால் என்ன ஆகும்? 'பருவகால', 'ஆண்டு முழுவதும்', 'நிரந்தரமாக' மூன்றையும் எடுத்தாலும் குறைவது நான்கே சொற்கள். ஆனால் கடைசி வாக்கியம் "அதற்குக் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால் தொழிலாளர் குடியேறினர்" என்று ஆகிவிடுகிறது. கோப்பிப் பழத்தையும் ஆட்கள்தானே பறித்தார்கள், அப்போது ஏன் குடியேறவில்லை என்று வாசிப்பவர் கேட்பார். வந்து போனவர்கள் ஊர் மக்களாக மாறியதற்குக் காரணமே அந்த 'ஆண்டு முழுவதும்' தான். ஓர் அடைமொழியை எடுத்துப் பார்க்கும்போது, பந்தியிலுள்ள 'அதனால்' இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் அதைத் தொடக்கூடாது.

சரி, முதலில் எதை வெட்டுவது? உதாரணங்களை. சிங்கோனா, கொக்கோ என்று எது போனாலும் தேயிலை நிலைத்தது என்ற செய்தி அப்படியே இருக்கும். "கோப்பி அழிய, தேயிலை நிலைத்தது" என்றால் நான்கு சொற்கள் குறைந்து 26 ஆகிறது. அடைமொழியை அடித்தபோதும் இதே நான்குதான் குறைந்தன, ஆனால் இங்கே பொருள் எதுவும் இழக்கப்படவில்லை.

அடுத்தது பின்னணி. இங்கேதான் இரண்டாவது தவறு நடக்கிறது. கோப்பிக் காலம் பழைய கதை, பந்தி தேயிலையைப் பற்றியது என்று நினைத்து முதல் வாக்கியத்தை முழுவதுமாக எடுத்துவிடுகிறார்கள். அது போனால் 'நிரந்தரமாக' என்பதற்கு எதிர்ப்பக்கமே இல்லை. ஆட்கள் முதலில் எப்படி இருந்தார்கள் என்பது தெரியாது. பின்னணியில் இடமும் காலமும் போகலாம், பின்னால் வரும் காரணத்தைத் தாங்குகிற பகுதி போகக்கூடாது. ஆகவே "கண்டி மலைகளில் கோப்பி பயிரிட்ட காலத்தில்" என்பதைக் "கோப்பிக் காலத்தில்" ஆக்குகிறோம். இப்போது 23.

அடைமொழிக்கு இப்போதுதான் முறை. 'பருவகால', 'அறுவடை முடிந்ததும்' இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன, ஒன்று போதும். இரண்டாவது தெளிவாக இருப்பதால் 'பருவகால' போகலாம். அப்புறம் 'அதற்கு', இரண்டாம் முறை வரும் 'தொழிலாளர்' இரண்டையும் விட்டால் சரியாக 20:

"கோப்பிக் காலத்தில் தொழிலாளர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். இலைத்துரு நோயால் கோப்பி அழிய, தேயிலை நிலைத்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால் நிரந்தரமாகக் குடியேறினர்."

18 சொற்கள்தான் என்று சொல்லியிருந்தால் அடுத்துப் போவது 'இலைத்துரு நோயால்'. கோப்பி எதனால் அழிந்தது என்பது சுவையான செய்திதான், ஆனால் குடியேற்றம் அதில் தொங்கவில்லை.

இந்த வரிசை தலைகீழாகிற இடமும் உண்டு. அதே விவரங்களை வைத்து, இலங்கையில் தேயிலைப் பயிர்ச்செய்கை எப்படித் தொடங்கியது என்று ஒரு பந்தி எழுதப்பட்டிருந்தால், லூல்கந்துரவும் டெய்லரின் பத்தொன்பது ஏக்கரும் உதாரணம் அல்ல, அதுவே விஷயம். அப்போது ஊர் திரும்பிய தொழிலாளரும் லயன் அறையும்தான் முதலில் வெட்டுப்பட வேண்டியவை. அதனால் எதையும் அடிப்பதற்கு முன், இந்தப் பந்தி எதை நிறுவ வருகிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதச் சொல்கிறேன்.