பேச்சாளர் வரிசைக்கு நேரம் போடுவது எப்படி: இடைவெளி, மைக் சோதனை, வராதவருக்கு மாற்று

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாங்கள் நடத்துகிற தமிழ்க் கூட்டங்களில் பேச்சாளர்கள் மூன்று திசையிலிருந்து வருவார்கள். கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாகச் சிலர், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகச் சிலர், பாலக்காடு, திருச்சூர் பக்கமிருந்து சிலர். முதல் தடவை நான் நிகழ்ச்சி நிரல் போட்டபோது ஐந்து பேருக்கும் 20 நிமிடம் என்று எழுதி, ஒருவர் முடிக்கிற நிமிடத்திலேயே அடுத்தவர் தொடங்குவதாகக் கணக்குப் போட்டிருந்தேன். மூன்றாவது பேச்சாளர் வரவில்லை. தொகுப்பாளர் 25 நிமிடம் மேடையில் எதையெதையோ பேசிச் சமாளித்தார். கடைசியாகப் பேச வந்த டீச்சருக்கு 7 நிமிடம்தான் கிடைத்தது. அவர் ஒரு மாதமாகக் குறிப்பெடுத்துத் தயார் செய்திருந்தார். அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை. அதன் பிறகு பழகிக்கொண்ட முறையை, முதன்முதலாகக் கூட்டம் நடத்தப் போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: மாறும் நேரத்தை அளந்து பாருங்கள்

ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் முதல் வாக்கியம் சொல்லும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது? யாரைக் கேட்டாலும் ஒரு நிமிடம் என்பார்கள். வேறு யாராவது நடத்தும் கூட்டத்துக்குப் போய், கைப்பேசியில் நேரம் வைத்துப் பாருங்கள். கைதட்டல் அடங்க வேண்டும். பேசியவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், அதைப் படமெடுக்க ஒரு நிமிடம் நிற்பார்கள். பிறகு அடுத்தவரைப் பற்றிய அறிமுகம். அவர் எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, படியேறி வர வேண்டும். உயரத்துக்கு ஏற்ப மைக்கை இறக்கவோ ஏற்றவோ வேண்டும். எங்கள் அரங்கில் இது 6 நிமிடம் வந்தது. உங்கள் அரங்கில் 4 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். அளந்த எண்ணையே கணக்கில் எடுங்கள்.

இந்த 6 நிமிடத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு: பொன்னாடைகளை எல்லாம் கடைசியில் சேர்த்துப் போர்த்துவது. ஆனால் பேசி முடித்ததும் ஊர் திரும்ப வேண்டியவர் அதற்குள் கிளம்பிவிடுவார், மரியாதை விட்டுப்போகும். அதனால் நான் அதைக் குறைப்பதில்லை, அதற்கும் சேர்த்தே நேரம் ஒதுக்குகிறேன். விளி சொல்வது வேறு விஷயம். மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் 'அவர்களே, அவர்களே' என்று விளித்து முடிப்பதற்குள் 3 நிமிடம் போய்விடும். 15 நிமிடப் பேச்சில் அது ஐந்தில் ஒரு பங்கு. வரவேற்புரை சொல்பவர் எல்லாரையும் பெயர் சொல்லி விளித்துவிடுவார் என்றும், மற்றவர்கள் 'அவையோருக்கு வணக்கம்' என்று நேராகத் தொடங்கலாம் என்றும் பேச்சாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காரணத்தோடு கேட்டுக்கொண்டால் யாரும் மனம் வருந்துவதில்லை.

இரண்டாம் படி: முடிவு நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

எங்கள் கூட்டம் ஞாயிறு மாலை 5 மணிக்குத் தொடங்கி 7.30க்கு முடிய வேண்டும். எல்லை தாண்டிப் பேருந்தில் திரும்புகிறவர்கள் அதற்கு மேல் உட்கார மாட்டார்கள். ஆக மொத்தம் 150 நிமிடம். தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் வரவேற்புக்கும் 10, நன்றியுரைக்கு 10 போனால் மீதி 130. ஐந்து பேருக்கு ஐந்து முறை மாறும் நேரம், 30 நிமிடம். மிச்சம் 100.

இந்த இடத்தில்தான் ஆசை வரும். நூறை ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 20 நிமிடம் அழகாக விழுகிறது. அப்படிப் போட்டால் ஒருவர் 4 நிமிடம் கூடப் பேசினாலும் அந்த 4 நிமிடம் கடைசி ஆள் தலையில்தான் விழும். ஆளுக்கு 15 நிமிடம் கொடுங்கள். 25 நிமிடம் கையில் நிற்கும். அதில் 15ஐ மூன்றாவது பேச்சுக்குப் பின் தேநீருக்கு வையுங்கள், 10ஐ ஐந்தாவது பேச்சுக்குப் பின் வெறுமையாக விடுங்கள். நேரம் மிஞ்சினால் அது கேள்வி நேரம், மிஞ்சாவிட்டால் யாருக்கும் தெரியாது. அச்சிட்ட அழைப்பிதழில் இந்தப் பத்து நிமிடத்துக்குப் பெயர் வைக்காதீர்கள். 'கலந்துரையாடல்' என்று அச்சிட்டுவிட்டால் பிறகு அதை எடுக்க முடியாது.

அப்படிப் போட்ட எங்கள் நிரல் இது. முதல் பேச்சாளருக்கான அறிமுகம் 5.10க்கு, பேச்சு 5.16 முதல் 5.31 வரை. இரண்டாமவர் 5.37 முதல் 5.52. மூன்றாமவர் 5.58 முதல் 6.13. தேநீர் 6.28 வரை. நான்காமவர் 6.34 முதல் 6.49, ஐந்தாமவர் 6.55 முதல் 7.10. நன்றியுரை 7.20. தேநீருக்கு உண்மையில் 10 நிமிடம் போதும், அதில் மீதி இருக்கும் 5 நிமிடம் முற்பகுதியில் நழுவியதைச் சரிக்கட்டத்தான்.

மலையாளத்தில் பேசுகிற ஒருவரை அழைத்து, ஒருவர் வரிக்கு வரி தமிழில் சொல்வதாக இருந்தால் அவருடைய 15 நிமிடம் 30 ஆகிவிடும். அவரிடம் 7 நிமிடப் பேச்சாகக் கேளுங்கள், அல்லது இரண்டு இடத்தை அவருக்கே கொடுங்கள். இங்கே பெரும்பாலோருக்கு மலையாளம் புரியும் என்பதால் நாங்கள் மொழிபெயர்ப்பையே விட்டுவிட்டோம்.

மூன்றாம் படி: தூரத்தை வைத்து வரிசை போடுங்கள்

வயது, பதவி பார்த்து வரிசை போடுவது வழக்கம். நான் முதலில் தூரம் பார்ப்பேன். முதலிலும் இரண்டாவதாகவும் உள்ளூர்க்காரர்கள். தூரத்திலிருந்து வருகிறவர் தேநீருக்குப் பிறகு, நான்காவதாக. அவர் அரை மணி நேரம் தாமதித்தாலும் அரங்கில் யாருக்கும் தெரியாது. ஐந்தாவதாக மறுபடி உள்ளூர்க்காரர், அதுவும் தேவைப்பட்டால் நான்காவது இடத்துக்கு முன்னேறத் தயங்காதவர். 'நாலாவது ஆள் வர லேட் ஆனா நீங்க முன்னாடி பேசணும் மாஷ், குறிப்போட ரெடியா இருங்க' என்று அன்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும். மாஷ் என்றால் இந்தப் பக்கம் ஆசிரியர்.

நான்காம் படி: மைக்கை அவரவர் குரலில் சோதியுங்கள்

மைக் செட் அண்ணன் மாலை 3.30க்கு வந்துவிட வேண்டும். 4.15க்கு உள்ளூர்ப் பேச்சாளர்கள் வர வேண்டும். 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' என்று சொல்லிப் பார்ப்பது செட் வேலை செய்கிறதா என்று மட்டும்தான் காட்டும். பேசப் போகிறவரே, பேசப் போகிற இடத்தில் நின்று, தன் பேச்சின் முதல் இரண்டு வாக்கியத்தை உண்மையான குரலில் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, சொல் தெளிவாகக் கேட்கிறதா என்று கேளுங்கள். மேடையில் நிற்பவருக்கு அது தெரியாது.

காலி அரங்கில் சத்தம் சுவரில் மோதித் திரும்பும். ஆட்கள் நிறைந்ததும் உடம்புகள் சத்தத்தை உறிஞ்சிவிடும், அதே அளவு மந்தமாகக் கேட்கும். ஆகவே சோதனையில் வைத்த அளவையே பிடித்துக்கொண்டிருக்காமல், முதல் பேச்சாளர் தொடங்கியதும் அண்ணன் மறுபடி பார்த்துக் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

மைக் கீச்சென்று ஊளையிட்டால் மூன்றைப் பாருங்கள். பேச்சாளர் ஒலிப்பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறாரா? வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறாரா? வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதை ஈடுகட்ட அண்ணன் சத்தத்தை ஏற்றிவிட்டாரா? முதலிரண்டும் ஒரு வார்த்தையில் சரியாகும். மூன்றாவதுக்கு, நாலு விரல் இடைவெளியில் வாய்க்கு நேராக மைக்கைப் பிடிக்கச் சொல்லிச் சோதனையின்போதே பழக்க வேண்டும். சட்டையில் குத்தும் சின்ன மைக் என்றால் டீச்சர்களின் சங்கிலி அதில் உரசிக் கரகரக்கும், முந்தானை மூடும். அவர்களுக்கு நான் கையில் பிடிக்கும் மைக்தான் கொடுப்பேன்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு தொல்லை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்தும், மார்கழி தையில் கிழக்கிலிருந்தும் அடிக்கும். சன்னலைத் திறந்து வைத்தால் மைக்கில் புஸ்ஸென்று இரையும். அதற்குக் கறுப்பு நுரை உறை போதும், விலையும் குறைவு. காற்றடிக்கும் பக்கத்துச் சன்னல்களை மட்டும் மூடினால் புழுக்கமும் இருக்காது.

கம்பியில்லா மைக் இரண்டுக்கும் அன்று வாங்கிய பேட்டரி போடுங்கள். அதற்கும் மேலே, கம்பியுள்ள மைக் ஒன்றை மேசையிலேயே நிறுத்தி, மிக்சரில் இணைத்து, அளவு பார்த்து, ஒலியை மட்டும் அடைத்து வைத்திருங்கள். கம்பியில்லாதது நடுவில் செத்தால் பேச்சாளர் இரண்டடி நகர்ந்தால் போதும். தாமதமாக வருகிற நான்காமவருக்கான சோதனையைத் தேநீர் நேரத்தில் ஒலியைக் குறைத்து வைத்துச் செய்துகொள்ளலாம்.

ஐந்தாம் படி: வராதவருக்கு மாற்று

எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்காதீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். 'இதோ பத்து நிமிஷத்துல வந்துடறேனுங்க' என்பது எந்த இடத்திலிருந்தும் சொல்லக்கூடிய பதில். 'சார், வேலந்தாவளம் தாண்டிட்டீங்களா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்று வந்துவிடும். இரண்டு நாள் முன்பு ஒரு அழைப்பு, அன்று காலை ஒன்று, அவர் கிளம்ப வேண்டிய நேரத்தில் ஒன்று. காலை அழைப்பை எடுக்காவிட்டாலே மாற்று ஆளிடம் சொல்லிவிடுவேன்.

மாற்று ஆள் என்றால் அன்று கிடைக்கிற யாரோ ஒருவர் அல்ல. இரண்டு வாரம் முன்பே கேட்டு, 12 நிமிடப் பேச்சைத் தயாராக வைத்திருக்கும் உள்ளூர்க்காரர். 'இந்த முறை வாய்ப்பு வராமலும் போகலாம், அப்படியானால் அடுத்த கூட்டத்தில் முதல் இடம் உங்களுடையது' என்று நேர்மையாகச் சொல்லிக் கேட்க வேண்டும், சொன்னபடி கொடுக்கவும் வேண்டும். மைக் சோதனையில் அவரும் ஒரு நிமிடம் பேசிப் பார்க்கட்டும்.

போன கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான்காமவர் கோயம்புத்தூர்க்காரர். 5.50க்கு அழைத்தபோது வண்டி பழுதாகி இன்னும் எல்லையின் அந்தப் பக்கம்தான் இருந்தார். நான் முடிவெடுக்க வைத்திருந்த நேரம் 6.13, தேநீர் தொடங்கும் நேரம். அதுவரை காத்திருந்து மறுபடி கேட்டேன், வேலந்தாவளம் வரவில்லை. உடனே ஐந்தாம் இடத்து மாஷை நான்காவதாக்கினேன். மாற்று ஆளாக இருந்த டீச்சரிடம், '6.50 வரைக்கும் சார் வரலைன்னா நீங்கதான்' என்றேன். தொகுப்பாளர் கையில் இருந்த தாளில் பெயரைத் திருத்தி, அறிமுகக் குறிப்பையும் மாற்றி வைத்தேன். இதை மறந்தால் தொகுப்பாளர் வராதவரையே மேடைக்கு அழைத்துவிடுவார். அவையிடம் 'வரிசையில் ஒரு சிறு மாற்றம்' என்று மட்டும் சொன்னோம். பழுதான வண்டியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தால் பேசுகிறவரை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

6.50க்கு சார் வரவில்லை. டீச்சர் 6.55க்குத் தொடங்கி 7.08க்கு முடித்தார். சார் 7.12க்கு வியர்வையோடு உள்ளே வந்தார். வெறுமையாக விட்டிருந்த அந்தப் பத்து நிமிடம் அப்படியே இருந்தது. கேள்வி நேரத்துக்குப் பதிலாக அவரை நேரே மேசை மைக்குக்கு அனுப்பினோம், 8 நிமிடம் பேசினார். நன்றியுரை 7.21க்குத் தொடங்கியது.