வயற்கடனுக்கு எதிர்பார்க்கப்படும் கடன் நட்டம்: ஒரு போகத்தை வைத்துக் கணக்கிடும் முறை

படுவான்கரையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு முதன்முதலாக இந்தக் கணக்கைச் செய்து கொடுத்த ஆண்டில், கல்முனையிலிருந்து வந்த கணக்காய்வாளர் என் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, பிணையாளருடைய வயல் எங்கே இருக்கிறது?" அதற்கும் என் பெருக்கலுக்கும் என்ன தொடர்பு என்று அன்று எனக்கு விளங்கவில்லை. தொடர்பு ஏறத்தாழ மூன்று இலட்சம் ரூபாய் என்று பிறகு தெரிந்தது.

இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நட்டம் நிகழ்ந்த பிறகு அதை எழுதும் பழைய வழக்கத்தை அது மாற்றிவிட்டது. கடன் கொடுத்த நாளிலிருந்தே, வரக்கூடிய நட்டத்துக்கு ஒதுக்கம் வைக்கவேண்டும். இந்த எதிர்பார்க்கப்படும் கடன் நட்டத்தை, அதாவது ECLஐ, கணக்கிடும் அடிப்படைச் சூத்திரம் சிறியது:

```
ECL = PD × LGD × EAD
```

முதலாவது, கடன் தவறும் நிகழ்தகவு. இரண்டாவது, தவறினால் நூற்றுக்கு எவ்வளவு திரும்பாது என்பது. மூன்றாவது, தவறும் வேளையில் கடனாளியிடம் நிற்கும் தொகை. நான் கடைசியிலிருந்து தொடங்குவேன், அதுதான் எளிது. கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

படி 1: நிற்கும் தொகை

சங்கம் 200 பேருக்குப் பெரும்போகக் கடன் கொடுத்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் 150,000 ரூபாய், ஆண்டு வட்டி 18%. விதைப்புக்கு நவம்பர் தொடக்கத்தில் 100,000 கொடுத்தாயிற்று. மீதி 50,000 உரத்துக்காக ஜனவரியில் கொடுக்கப்படும். அறுவடை முடிந்து மார்ச் 31இல் முழுவதையும் ஒரே தடவையில் கட்டவேண்டும். நாம் கணக்கு மூடும் நாள் டிசம்பர் 31.

பேரேட்டில் அன்று இருப்பது 100,000 முதலும், இரண்டு மாத வட்டி 3,000மும். புதியவர்கள் 103,000 என்று எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுவார்கள். ஆனால் டிசம்பரில் யாரும் தவறப்போவதில்லை. தவறுகிறவர் உரக்காசையும் வாங்கிச் செலவழித்த பிறகுதான் தவறுவார். முன்னைய போகங்களில் பத்தில் ஒன்பது பேர் இரண்டாம் தவணையை எடுத்திருந்தால், 45,000ஐக் கூட்டவேண்டும். ஆகவே ஆளுக்கு 148,000, மொத்தம் 29,600,000.

டிசம்பர் 31க்குப் பிந்திய வட்டியை நான் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால், பிறகு அதே 18% வீதத்தால் டிசம்பர் 31க்குக் கழிவு செய்யவும் வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும்.

படி 2: தவறும் நிகழ்தகவு

தவணை நாளிலிருந்து 90 நாள் கடந்தால் தவறியதாகக் கொள்வது நியமத்தின் பொதுவான எல்லை. மார்ச் 31 தவணை என்றால், ஜூன் இறுதியில்தான் ஒருவர் தவறியவர் ஆகிறார். எனவே பழைய பேரேடுகளை எடுத்து, ஒவ்வொரு போகத்திலும் ஜூன் இறுதியில் கட்டாமல் இருந்தவர்களை எண்ணுங்கள்.

எண்ணும்போது போகங்கள் இரண்டு கும்பலாகப் பிரிவது தெரியும். நல்ல போகங்களில் நூற்றுக்கு 4 பேர் தவறியிருப்பார்கள். 2011 ஜனவரி வெள்ளம், இரசாயன உரத் தடைக்குப் பின் வந்த 2021/22 பெரும்போகம் போன்றவற்றில் நூற்றுக்கு 24 பேர் என்று வைத்துக்கொள்வோம். இருபது போகங்களில் ஐந்து கெட்டவை என்றால், கெட்ட போகத்தின் எடை 25%, நல்லதன் எடை 75%. டிசம்பர் இறுதியில் பருவமழை இன்னும் முடிந்திருக்காது. உன்னிச்சையிலும் நவகிரியிலும் குளம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பார்த்து இந்த எடையைக் கூட்டவோ குறைக்கவோ இடமுண்டு. ஏன் மாற்றினீர்கள் என்பதை எழுதி வையுங்கள், கேட்பார்கள்.

கடனின் இடர் கூடும்போது பன்னிரண்டு மாத நட்டத்திலிருந்து ஆயுட்கால நட்டத்துக்கு மாறச் சொல்லும் நியமத்தின் மூன்று நிலைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இக்கடன் பன்னிரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடுவதால், பன்னிரண்டு மாத நட்டமும் ஆயுட்கால நட்டமும் இங்கே ஒரே தொகைதான். இடர் கூடிவிட்டது என்று காட்டும் 30 நாள் தாமதம் என்ற எச்சரிக்கை மணியும் உதவாது. மார்ச் வரை கட்டவேண்டியது எதுவுமே இல்லாதபோது தாமதம் எங்கிருந்து வரும்? வெள்ளத்தில் மூழ்கிய வயற்கண்டங்கள் எவை என்று, வயல்களுக்கு நீர் பாய்ச்சுவதைக் கவனிக்கும் வட்டவிதானையிடம் கேட்பதுதான் பயன் தரும்.

படி 3: திரும்பாத பங்கு

நல்ல போகத்தில் ஒருவர் 100 ரூபாய்க்குத் தவறினால், ஆறு மாதத்தில் பிணையாளர்கள் 40 கட்டுகிறார்கள். அடுத்த அறுவடை முடிந்து, ஓராண்டில், அவரே 45 கட்டுகிறார். மொத்தம் 85 வந்துவிட்டதே, நட்டம் 15தானே என்று தோன்றும். ஆனால் தாமதமாக வரும் காசை 18% வீதத்தால் கழிவு செய்யவேண்டும். 40ஐ 1.09ஆல் வகுத்தால் 36.70, 45ஐ 1.18ஆல் வகுத்தால் 38.14. கடிதம், போக்குவரத்து, சட்டச் செலவு என்று 5 போக, கைக்கு வருவது சுமார் 70. நட்டம் 30%.

கெட்ட போகத்தில் இதே ஆள், இதே பிணையாளர்கள். ஆனால் ஓராண்டு கழித்து 30, இரண்டாண்டு கழித்து 34 என்றுதான் வருகிறது. கழிவு செய்தால் 25.42உம் 24.42உம். செலவு 5 போக, மிஞ்சுவது சுமார் 45. நட்டம் 55%.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பிணையாளர் பெரும்பாலும் பக்கத்து வரம்புக்காரர். ஒரே வாய்க்கால், ஒரே கண்டம். கடனாளியின் வயலை மூடிய வெள்ளம் பிணையாளரின் வயலையும் மூடியிருக்கும். கணக்காய்வாளர் கேட்டது இதைத்தான்.

படி 4: பெருக்கல்

நான் அன்று செய்த தவறு இது. முதலில் நிகழ்தகவின் சராசரியை எடுத்தேன்: 9%. பிறகு நட்ட வீதத்தின் சராசரி: 36.25%. இரண்டையும் பெருக்கி, 29,600,000ஆலும் பெருக்கினேன். வந்தது 965,700 ரூபாய்.

சரியான முறையில், ஒவ்வொரு போகத்தையும் தனித்தனியே முழுவதுமாகப் பெருக்கிய பிறகுதான் எடையிட்டுக் கூட்டவேண்டும். விரிதாளில் முதல் நிரலில் எடை, அடுத்ததில் நிகழ்தகவு, பிறகு நட்ட வீதம், கடைசியில் நிற்கும் தொகை என்று இரண்டு வரிசை போடுங்கள்:

```
0.75   0.04   0.30   29600000
0.25   0.24   0.55   29600000

=SUMPRODUCT(A1:A2,B1:B2,C1:C2,D1:D2)
```

விடை 1,243,200. முன்னைய விடையைவிட 277,500 அதிகம். தவறுகிறவர்கள் கூடும் அதே போகத்தில் மீட்புக் குறைகிறது. முன்கூட்டியே சராசரி எடுத்தால் அந்தச் சேர்க்கை அழிந்துவிடும்.

ஜூலையில் சரிபார்த்தல்

நல்ல போகமாக முடிந்தால் 8 பேர் தவறுவார்கள், நட்டம் 355,200. கெட்டதாக முடிந்தால் 48 பேர், நட்டம் 3,907,200. இரண்டில் எதுவும் நம் ஒதுக்கத்துக்குச் சமமாக இராது. "பன்னிரண்டு இலட்சம் வைத்தீர்கள், மூன்றரைதான் போனது" என்று நிர்வாகக் குழு சொல்லும். அது கணக்குப் பிழை அல்ல. நல்ல போகம் என்று பிரித்த பிறகும் 8க்குப் பதிலாக 20 பேர் தவறியிருந்தால்தான் நிகழ்தகவைத் திருத்தவேண்டும்.

அப்போது இன்னொன்றும் செய்யுங்கள். தவறியவர்களின் பெயரோடு கண்டத்தின் பெயரையும், அவர்களுடைய இரண்டு பிணையாளர்களின் கண்டங்களையும் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று நிரலிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அந்தக் கண்டத்துக்கு 55% போதாது. அடுத்த நவம்பரில் கடன் கொடுக்கும்போது, ஒரு பிணையாளராவது வேறு வாய்க்காலில் வயல் வைத்திருப்பவராகவோ மாதச் சம்பளம் வாங்குபவராகவோ இருக்கவேண்டும் என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டோம்.