ரெஸ்யூமே ஒரு பக்கமா, இரண்டு பக்கமா: எங்கே தவறுகிறோம்?

என் சித்தப்பா மகனுக்கு ஏழு வருட அனுபவம். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினீயர். ரெஸ்யூமே ஒரு பக்கத்தைத் தாண்டவே கூடாது என்று யாரோ சொல்ல, எழுத்தை 8 பாயின்ட்டுக்குக் குறைத்து, ஓரங்களையும் ஒட்ட நறுக்கி, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடைத்துக்கொண்டு வந்தான். படிக்கவே கண் வலித்தது.

அவன் விண்ணப்பிக்க இருந்த வேலையின் விளம்பரத்தை வாங்கிப் பார்த்தேன். சப்ளையர் ஆடிட் என்பது அதில் மூன்று இடங்களில் வந்தது. சப்ளையர்களின் இடத்துக்கே பயணம் போக வேண்டும் என்றும் இருந்தது. இவன் ரெஸ்யூமேயிலோ திறன்கள் பட்டியலில் வெறும் இரண்டு சொல்லாகக் கிடந்தது அது. அப்பா பெயர், திருமண நிலை, பத்தாம் வகுப்பு மதிப்பெண், கடைசியில் "மேற்கண்டவை உண்மை" என்ற உறுதிமொழி எல்லாம் சேர்ந்து கால் பக்கம் தின்றிருந்தன.

முதலில் அந்தக் கால் பக்கத்தை எடுத்தோம். அப்புறம் கேட்டுக் கேட்டு எழுதினோம்: வருடத்துக்கு எத்தனை சப்ளையர்கள், வார்ப்புப் பாகங்களில் என்ன குறை கண்டுபிடித்தான், அதைச் சரிசெய்ய வைத்தது எப்படி, திரும்பி வந்த பாகங்கள் எவ்வளவு குறைந்தன. 11 பாயின்ட்டில் ஒன்றரைப் பக்கம் வந்தது. அந்த வேலைக்கு அதுதான் சரியான அளவு. ஆடிட் விவரம் முதல் பக்கத்தின் மேல்பாதியிலேயே நின்றது. முந்தைய கம்பெனியும் படிப்பும் இரண்டாம் பக்கத்துக்குப் போயின.

இதே பையன் லைன் இன்ஸ்பெக்‌ஷன் மட்டும் கேட்கும் வேலைக்குப் போட்டால் ஒரு பக்கம் போதும். ஆடிட் கதை அங்கே இரண்டு வரிதான். மூன்று, நான்கு வருட அனுபவம்வரை ஒரு பக்கம், பத்தைத் தாண்டினால் பெரும்பாலும் இரண்டு என்பது என் கணக்கு. இடையில் இருப்பவர்களுக்கு விளம்பரம்தான் அளவுகோல்.

புதிதாகப் படிப்பு முடித்தவர்கள் செய்யும் தவறு இதற்கு நேர் எதிர். ஒரு நாள் ஒர்க்‌ஷாப், பொழுதுபோக்கு, தெரிந்த மொழிகள் என்று இழுத்து இரண்டாம் பக்கம் போகிறார்கள். விளம்பரத்தோடு ஒட்டும் புராஜெக்ட் இரண்டை மட்டும், தான் செய்த பங்கு என்ன என்று தெளிவாக எழுதினால் ஒரு பக்கம் நிறைந்துவிடும். கல்லூரி ஆசிரியர், ஆராய்ச்சி வேலைகள் விதிவிலக்கு; அங்கே கட்டுரைப் பட்டியலே பல பக்கம் போகலாம்.

இரண்டாம் பக்கத்தில் நாலைந்து வரி மட்டும் தொங்கினால் வெட்டி முதல் பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். உண்மையிலேயே இரண்டு பக்கம் தேவை என்றால் இரண்டாவதிலும் உங்கள் பெயரையும் பக்க எண்ணையும் போடுங்கள். இன்டர்வியூ மேஜையில் தாள்கள் பிரிந்து கிடக்கும்போது அந்தப் பக்கம் யாருடையது என்று தெரிய வேண்டும்.